பாதி இருண்ட டிவியும் ஒரு டார்ச் வெளிச்சமும்

செய்தி சேனலின் அடியில் ஓடும் எழுத்து வரி வலது ஓரத்தில் புறப்பட்டு இடது பக்கமாக நகரும். திரையின் நடுப்பகுதி வரை பளிச்சென்று வருகிறது. அதைத் தாண்டியதும் மங்கி இருட்டுக்குள் போய்விடுகிறது. வாசிப்பவரின் முகத்தில் பாதி தெரிகிறது, பாதி தெரியவில்லை. குரலில் மட்டும் எந்தக் குறையும் இல்லை. ரிமோட் வேலை செய்கிறது, சேனல் மாறுகிறது, சத்தம் கூடுகிறது, குறைகிறது.

சில வருடங்கள் ஓடிய எல்இடி டிவிகளில் இப்படி நேர்வது சகஜம். வீட்டுக்கு வருகிறவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லும் தீர்ப்பும் பெரும்பாலும் ஒன்றுதான்: “டிஸ்ப்ளே போயிடுச்சுங்க. மாத்துறதுக்கு ஆகிற செலவுல புது டிவியே வாங்கிடலாம்.” உடனே எக்ஸ்சேஞ்ச் பேச்சு தொடங்கிவிடும். அந்தத் தீர்ப்பு சரியாக இருக்கவும் கூடும். ஆனால் சத்தம் நன்றாக இருந்து, பாதித் திரை மட்டும் மங்கியிருந்தால், பல சமயங்களில் கெட்டுப்போனது படம் காட்டும் பேனல் அல்ல. அதற்குப் பின்னால் எரியும் விளக்கு. இரண்டுக்கும் ஆகும் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு. எது கெட்டது என்று தெரிந்துகொள்ள டிவியைத் திறக்க வேண்டியதில்லை. செல்போனில் இருக்கும் டார்ச் போதும்.

எல்இடி டிவி என்று நாம் சொல்வதில் படத்தை உருவாக்குவது எல்இடி இல்லை. முன்னால் இருப்பது எல்சிடி பேனல். அது மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவப் படிகம் அடைத்தது. அது தானாக ஒளி தராது. பின்னாலிருந்து வரும் வெள்ளை ஒளியை ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு விடுவது, எவ்வளவு மறைப்பது என்பதை மட்டும் கவனிக்கிறது. அந்த வெள்ளை ஒளியைத் தருபவைதான் எல்இடிகள். நீளமான அலுமினியப் பட்டைகளில் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும் இவற்றைக் கடைகளில் பேக்லைட் ஸ்ட்ரிப் என்பார்கள். பல டிவிகளில் ஸ்ட்ரிப்புகள் திரைக்கு நேர் பின்னால் வரிசை வரிசையாக இருக்கும். ஒவ்வொரு எல்இடி மேலும் ஒளியைப் பரப்பக் குமிழ் போன்ற ஒரு லென்ஸ் ஒட்டியிருக்கும். மெல்லிய சில மாடல்களில் ஸ்ட்ரிப் ஓரத்தில் மட்டும் இருக்கும். அங்கே ஒரு தடித்த ஒளிபுகும் தகடு அந்த வெளிச்சத்தைத் திரை முழுக்கக் கொண்டுபோகும்.

ஸ்பீக்கருக்கும் மெயின் போர்டுக்கும் போகும் மின்சாரம் ஒரு வழி, இந்த விளக்குகளுக்குப் போவது வேறு வழி. அதனால்தான் விளக்கு அணைந்தாலும் சத்தம் தொடர்கிறது. படமும் பேனலில் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதைப் பார்க்க வெளிச்சம் இல்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் ஏன் சரியாகப் பாதி மட்டும்? ஒரு ஸ்ட்ரிப்பில் உள்ள எல்இடிகள் தொடராக இணைக்கப்பட்டவை. கோவில் திருவிழாவில் தொங்கவிடும் பழைய சீரியல் செட்டில் ஒரு பல்பு ஃபியூஸ் போனால் அந்தச் சரம் முழுக்க அணையுமே, இங்கேயும் அதே கதைதான். ஒரு எல்இடிக்குள் இணைப்பு அறுந்தால் அதே சரத்தில் உள்ள மற்ற எல்லாம் நல்ல நிலையில் இருந்தும் எரியாது. டிவி முழுவதற்கும் ஒரே சரம் என்றால் திரை முழுக்க இருட்டாகும். சில மாடல்களில் இடது பக்கத்து ஸ்ட்ரிப்புகள் ஒரு சரமாகவும் வலது பக்கத்தவை இன்னொரு சரமாகவும் இருக்கும். அந்த இரண்டையும் ஓட்டும் டிரைவர் சர்க்யூட், ஒரு சரத்தில் மின்சாரம் ஓடவில்லை என்று கண்டால் அதைக் கைவிட்டு மற்றதை மட்டும் எரியவிடும்படி வடிவமைக்கப்பட்டிருந்தால், நமக்குப் பாதித் திரை கிடைக்கிறது. அப்படிச் செய்யாமல் பாதுகாப்புக்காக இரண்டையுமே அணைத்துவிடும் டிவிகளும் உண்டு. அவற்றில் ஆன் செய்ததும் ஒரு நொடி வெளிச்சம் வந்து, பிறகு முழுத் திரையும் இருண்டுவிடும்.

இனி டார்ச் சோதனை. இரவில் அறை விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, டிவியை ஓடவிடுங்கள். மேலே சொன்ன செய்தி சேனல் இதற்கு மிகப் பொருத்தம், ஏனென்றால் நகரும் எழுத்து கண்ணில் எளிதாகப் படும். செல்போன் டார்ச்சைத் திரையின் இருண்ட பாதியில், எழுத்து வரி போக வேண்டிய இடத்துக்கு மிக அருகில், இரண்டு மூன்று விரற்கடை தூரத்தில் பிடியுங்கள். நேராக அடித்தால் திரையின் மேற்பரப்பில் பட்டு வெளிச்சம் கண்ணிலேயே அடிக்கும், எதுவும் தெரியாது. சற்றுச் சாய்த்துப் பிடித்து, இன்னொரு பக்கத்திலிருந்து சாய்வாகப் பார்க்க வேண்டும். டார்ச் ஒளி பேனலைத் துளைத்து உள்ளே போய், பின்னால் இருக்கும் வெள்ளைத் தகட்டில் பட்டுத் திரும்பி வருகிறது. வரும் வழியில் பேனலில் உள்ள படத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். அதனால் டார்ச் வட்டத்துக்குள் மட்டும், சாம்பல் நிறத்தில், மிக மெலிதாக எழுத்துகள் ஊர்ந்து போவது தெரியும்.

ஒரு முறை பார்த்ததும் தெரியவில்லை என்றால் விட்டுவிடக் கூடாது. கோணத்தை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். பளபளப்பான திரையில் பிரதிபலிப்பு தொந்தரவு தரும். மங்கலான மேற்பரப்பு உள்ள திரையில் சுலபம். சேனல் சரிப்படாவிட்டால் ரிமோட்டில் மெனுவைத் திறந்து, பெரிய எழுத்துகள் இடது பக்கம் வருமாறு வைத்துக்கொள்ளலாம். வலது பாதி எரிந்துகொண்டிருப்பதால் அதன் பளபளப்பு கண்ணைக் கூசச் செய்யும். அந்தப் பக்கத்தை ஒரு போர்வையால் மறைத்துக்கொண்டால் இருண்ட பக்கத்தில் தெரிவது நன்றாகப் பிடிபடும். ஓஎல்இடி டிவி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது. அங்கே ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது. பின்னால் விளக்கே கிடையாது.

எழுத்து தெரிந்தால், அந்தப் பாதியில் பேனல் உயிரோடு இருக்கிறது. அதற்குப் படத்தை அனுப்பும் போர்டுகளும் வேலை செய்கின்றன. “டிஸ்ப்ளே போயிடுச்சு” என்ற தீர்ப்பை அங்கேயே மறுக்கலாம். எத்தனை கோணத்தில் பார்த்தும் ஒன்றுமே தெரியாவிட்டால், பேனலிலோ, பேனலுக்குப் படத்தைப் பிரித்துத் தரும் டி-கான் போர்டிலோ, அங்கிருந்து போகும் தட்டையான ரிப்பன் கேபிளிலோ கோளாறு இருக்கக்கூடும்.

இதையே உறுதி செய்ய இன்னொரு அடையாளம் உண்டு. டார்ச் கூட வேண்டாம். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் எல்லையை உற்றுப் பாருங்கள். விளக்கு அணைந்ததால் வந்த இருட்டு என்றால் எல்லை மழுங்கியிருக்கும். வலது பக்கத்து ஒளி கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் கசிந்து, நடுவில் அரையிருட்டாகி, இடது ஓரத்தில் முழு இருட்டாகும். அந்தக் கசிவிலேயே நடுப்பகுதியில் படம் மங்கலாகத் தெரியும். ஒளிக்குக் கத்தி வைத்து வெட்டிய விளிம்பு வராது. மாறாக, நடுவில் மேலிருந்து கீழ் வரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் படம் நின்று, அதற்கு அப்பால் ஒரே கறுப்பாகவோ வெள்ளையாகவோ கோடுகளாகவோ இருந்தால், அது படம் அனுப்பும் வழியில் உள்ள கோளாறு. என் கணிப்பில், டார்ச் சோதனையும் எல்லைக் கோடும் ஒரே பதிலைச் சொன்னால் அதை நம்பலாம். இரண்டும் முரண்பட்டால் திறந்து பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

டார்ச் எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பேனல் நன்றாக இருக்கிறது, அதன் பின்னால் ஒளி இல்லை, இவ்வளவைத்தான் அது சொல்லும். ஒளி இல்லாததற்குக் காரணம் ஸ்ட்ரிப்பா, ஸ்ட்ரிப்புக்கு மின்சாரம் தரும் டிரைவரா, நடுவில் உள்ள ஒயரும் கனெக்டருமா என்று அதற்குத் தெரியாது. இங்கிருந்து மேலே வேலை தெரிந்தவரின் கைக்குப் போக வேண்டும். வீட்டில் 230 வோல்ட் வருகிறது. அது பவர் சப்ளை போர்டின் பெரிய கபாசிட்டரில் 325 வோல்ட் அளவுக்கு நேர்மின்சாரமாகச் சேர்ந்து நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் இருக்கலாம். விளக்குக்குப் போகும் வோல்ட்டும் விளையாட்டல்ல. பின் மூடியைக் கழற்றிப் பார்க்கும் ஆசை இருப்பவர்கள் இதை மனதில் வைத்து விலகி நிற்பது நல்லது.

ஒரு டிவியை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். 40 அங்குலம், திரைக்குப் பின்னால் நான்கு வரிசை ஸ்ட்ரிப்புகள். ஒவ்வொரு வரிசையும் இடம், வலம் என்று இரண்டு துண்டு. துண்டுக்கு ஐந்து எல்இடி. இடது பக்கத்து நான்கு துண்டுகளும் சேர்ந்து 20 எல்இடி கொண்ட ஒரு சரம். வலது பக்கமும் அப்படியே. எல்இடி ஒவ்வொன்றுக்கும் சுமார் 3.2 வோல்ட் தேவை என்றால், ஒரு சரத்துக்கு 64 வோல்ட். இடது பாதி இருட்டு. டார்ச் அடித்தால் எழுத்து ஓடுவது தெரிகிறது, எல்லை மழுங்கியிருக்கிறது.

கைதேர்ந்த மெக்கானிக் உடனே பேனலைப் பிரிக்க மாட்டார். பின் மூடியை மட்டும் திறந்து, டிவியை மின்சாரத்திலிருந்து பிரித்து, கபாசிட்டர் வடிந்ததை மீட்டரில் உறுதி செய்துகொள்வார். இரண்டு சரங்களும் ஒரே அளவு என்பது தெரிந்தால், இடது சரத்தின் இணைப்பை வலது வழியிலும், வலது சரத்தின் இணைப்பை இடது வழியிலும் மாற்றிச் செருகி டிவியை ஆன் செய்து பார்ப்பார். இப்போது வலது பாதி இருண்டு இடது பாதி எரிந்தால், இருட்டு டிரைவரோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. ஸ்ட்ரிப்புகள் நல்லவை, கோளாறு போர்டில். பேனலைத் தொடாமலேயே வேலையை முடித்துவிடலாம். இருட்டு இடது பக்கமே நின்றால், குற்றவாளி உள்ளே இருக்கும் ஸ்ட்ரிப்தான்.

நம் டிவியில் இருட்டு அசையவில்லை. இனிதான் பேனலைக் கழற்ற வேண்டும். ஸ்ட்ரிப்புகள் வெளியே தெரிந்ததும், மின்னோட்டத்தை மிகக் குறைவாகக் கட்டுப்படுத்தித் தரும் எல்இடி டெஸ்டரை ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் வைத்துப் பார்ப்பார்கள். மூன்று துண்டுகள் எரிகின்றன. டெஸ்டர் 16 வோல்ட்டை ஒட்டிக் காட்டுகிறது. நான்காவது துண்டு எரியவில்லை. அதன் எல்இடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டால் நான்கு எரிகின்றன, ஒன்று எரியவில்லை. உற்றுப் பார்த்தால் அதன் மஞ்சள் முகத்தில் மிளகை விடச் சிறிய கருப்புப் புள்ளி. 40 அங்குலத் திரையில் பாதியை இருட்டாக்கியது அந்த ஒற்றை எல்இடி.

சாதாரண மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்துப் பார்ப்பவர்கள் இங்கே ஏமாறுவதுண்டு. சில மீட்டர்கள் தரும் வோல்ட் 3 வோல்ட் எல்இடியை மங்கலாக எரியவைக்கலாம். ஆனால் பேக்லைட்டில் 6 வோல்ட் எல்இடிகளும் வருகின்றன. ஒரே கூட்டுக்குள் இரண்டு சில்லு இருப்பவை. அவை நன்றாக இருந்தாலும் மல்டிமீட்டரில் எரியாது. மீட்டர் காட்டவில்லை என்பதற்காக ஸ்ட்ரிப்பைக் கெட்டது என்று ஒதுக்கக் கூடாது.

எல்இடி ஏன் சாகிறது? பெரும்பாலும் வெப்பம். பேக்லைட் எல்இடியின் உள்ளே இருப்பது நீல ஒளி தரும் சில்லு. பளிச்சென்ற நீல எல்இடியைச் சாத்தியமாக்கியதற்காகத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகியோருக்கு 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அந்த நீலத்தின் மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர் பூச்சுதான் அதை வெள்ளையாக மாற்றுகிறது. சில்லு வருடக்கணக்கில் சூடாகி ஆறும்போது அதனுள் இருக்கும் முடியை விட மெல்லிய கம்பியும் சாலிடரும் தளர்ந்து ஒரு நாள் விட்டுப்போகின்றன. பாஸ்பரும் வெப்பத்தில் கெடும். அப்போது திரை நீலமாகவோ ஊதாவாகவோ தெரியத் தொடங்கும். முகங்களெல்லாம் நீலம் பாரித்துத் தெரிந்தால் ஸ்ட்ரிப்புகள் தளர்ந்துவிட்டன என்று எடுத்துக்கொள்ளலாம். பாதித் திரை அவ்வப்போது விட்டுவிட்டு எரிவதும் முன்னறிகுறிதான். தட்டினால் வருகிறது, சூடானால் போகிறது என்றால் பெரும்பாலும் சாலிடரிலோ கனெக்டரிலோ விரிசல்.

இப்போது பழுது பார்க்கும் முறை. இங்கேதான் பணம் வீணாவது. மலிவான வழி, கெட்ட எல்இடியின் இரு முனையையும் ஒரு ஒயரால் இணைத்துவிடுவது. 20இல் 19 எரியும், பாதித் திரை திரும்பிவிடும், அந்த இடத்தில் மட்டும் லேசான நிழல் விழும். செலவு மிகக் குறைவு. ஆனால் அதே வயதில் அதே சூட்டில் எரிந்த மற்ற எல்இடிகளும் ஏறத்தாழ அதே தளர்ச்சியில்தான் இருக்கின்றன. சில வாரங்களிலோ மாதங்களிலோ இன்னொன்று போகலாம். இரு சரங்களும் சமமாக இல்லாதபோது வித்தியாசமான வோல்ட்டைத் தாங்கும் சுமை டிரைவர் மேல் விழுந்து அது சூடாகும். கெட்ட ஒன்றை மட்டும் புதிதாக மாற்றுவதிலும் இதே தொல்லைகள் உண்டு. அதோடு 3 வோல்ட்டுக்கு 6 வோல்ட்டை மாற்றிப் போட்டுவிட்டால் சரிப்படாது, நேர்முனை எதிர்முனை மாறினால் எரியவே எரியாது.

இடது பக்கத்து நான்கு துண்டுகளை மட்டும் புதிதாக மாற்றுவது பாதி வழி. பலர் இதற்கு ஒத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வந்து வெள்ளைப் படம் ஓடும்போதுதான் தெரியும்: இடது பக்கம் புதிய குளிர்ந்த வெள்ளை, வலது பக்கம் பழைய மஞ்சள் சாயல். பிறகு வலது பக்கமும் ஒரு நாள் போகும். பேனலை மறுபடி கழற்ற வேண்டும். ஆகவே இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் முழு செட்டாக மாற்றச் சொல்லி வற்புறுத்துவதுதான் சரி என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஸ்ட்ரிப்பின் விலையை விடப் பேனலைக் கழற்றி மாட்டும் வேலைதான் ஆபத்தும் சிரமமும் உள்ளது. அதை ஒரே முறையில் முடித்துக்கொள்ள வேண்டும். வாங்கும் ஸ்ட்ரிப்பில் அச்சிட்டிருக்கும் எண் பழையதோடு பொருந்துகிறதா, எல்இடி எண்ணிக்கையும் வோல்ட்டும் ஒன்றா என்று பார்ப்பது அவசியம். ஒரே அங்குல டிவிக்கே பல விதமான ஸ்ட்ரிப்புகள் சந்தையில் இருக்கின்றன.

பேனல் கழற்றுவது ஏன் ஆபத்து? மிக மெல்லிய கண்ணாடி, பெரிய பரப்பு. ஒரு ஓரத்தில் மட்டும் தூக்கினால் வளைந்து விரிந்துவிடும். பேனலின் விளிம்பிலிருந்து போர்டுக்குப் போகும் மெல்லிய படலம் போன்ற இணைப்புகளில் ஒன்று கிழிந்தாலும் திரையில் நிரந்தரக் கோடு விழும். இருவர் சேர்ந்து தூக்கி, மெத்தென்ற விரிப்பின் மேல் வைக்க வேண்டும். அதன் பின்னால் உள்ள ஒளி பரப்பும் தகடும் படலங்களும் எந்த வரிசையில், எந்தப் பக்கம் மேலாக இருந்தன என்று குறித்துக்கொண்டு அதேபடி திரும்ப வைக்க வேண்டும். மாறினால் திரையில் திட்டுத்திட்டாக ஒளி தெரியும். விரல் ரேகையும் தூசியும் உள்ளே போனால் அவையும் திரையில் தெரியும். ஆகவே வேலையைக் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்: பேனல் உடைந்தால் யார் பொறுப்பு? இதற்குத் தெளிவான பதில் சொல்லாத கடையில் டிவியை விடாமல் இருப்பது உத்தமம். புதுப் பேனலின் விலை புது டிவிக்கு அருகில் போய்விடும்.

வேலை முடிந்து டிவி கைக்கு வரும்போது, கடையிலேயே முழு வெள்ளைப் படம் ஒன்றை ஓடவிட்டுப் பாருங்கள். செல்போனிலோ பென்டிரைவிலோ ஒரு வெற்று வெள்ளைப் படம் இருந்தால் போதும். இரண்டு பாதியும் ஒரே நிறமா, எங்காவது வட்டமாகப் பளிச்சென்று ஒரு புள்ளி தெரிகிறதா, தூசி நிழல் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். வட்டப் பளிச் புள்ளி என்றால் ஒரு லென்ஸ் ஒட்டாமல் கழன்று விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு முழுக் கறுப்புப் படம் ஒன்றை ஓடவிட்டு ஓரங்களில் ஒளி கசிகிறதா என்று பாருங்கள். பழைய ஸ்ட்ரிப்புகளைத் திரும்பக் கேட்டு வாங்கி எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொள்ளலாம்; முழு செட் மாற்றியதற்கு அதுவே சாட்சி.

வீட்டில் மாட்டியதும் மெனுவுக்குப் போய் பேக்லைட் அளவைப் பாருங்கள். பல டிவிகளில் அது உச்சத்திலேயே இருக்கும். பாதிக்கும் சற்று மேல் வைத்தால் வீட்டு வெளிச்சத்துக்குப் போதும், எல்இடிகள் அவ்வளவு சூடாகாது. பெயரில் குழப்பம் வரும்: சில டிவிகளில் பேக்லைட் என்றே இருக்கும், சிலவற்றில் அதே வேலையைப் பிரைட்னஸ் செய்யும், இன்னும் சிலவற்றில் பிரைட்னஸ் என்பது கறுப்பின் ஆழத்தை மட்டும் மாற்றும். வெள்ளைப் படத்தை ஓடவிட்டு அளவைக் குறையுங்கள். திரை முழுக்க ஒரே சீராக மங்கினால் நீங்கள் தொட்டது விளக்கைத்தான். வெள்ளை அப்படியே இருந்து இருண்ட பகுதிகள் மட்டும் கருத்தால், அது வேறு அமைப்பு. பழைய அளவுக்கே விட்டுவிட்டு விளக்குக்கான அமைப்பை மெனுவில் தேடுங்கள். டிவியைச் சுவரலமாரிக்குள் அடைத்து வைத்திருப்பவர்கள் அதன் பின்புறமும் மேற்புறமும் காற்றுக்கு இடம் விட வேண்டும்.